நாற்றம் எப்போது நாறத் தொடங்கியது?

"நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் நறுமணம். இன்று துர்நாற்றம்." ஒரு சொல்லின் பொருள் தாழ்வதை, அதாவது இழிபொருட்பேற்றை, விளக்க இந்த உதாரணத்தைத்தான் எடுப்பார்கள். இது பாதிதான் சரி. பழம்பாட்டைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறள் 27 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்று ஐம்புலன்களுக்கு உரியவற்றை அடுக்குகிறது. அங்கே நாற்றம் வெறும் வாசம். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. குறள் 1274-இல் மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் மணம். நற்றிணை 45-இல், மீன் காயவைக்கும் பெண்ணுக்காகத் தோழி தலைவனிடம், 'புலவு நாறுதும்', எங்கள் மேல் புலால் வீசுகிறது, தள்ளி நில்லுங்கள் என்கிறாள். ஆக, சொல் தொடங்கிய இடம் நறுமணம் அல்ல, நடுநிலை. இந்தத் தொடக்கத்தைத் தவறவிட்டால், நடந்த மாற்றத்தையே தவறாக எழுதிவிடுவோம்.

சான்று தேடும்போது முதல் தொல்லை தேடலிலேயே வரும். மின்னுரையில் 'நாற்றம்' என்று தேடினால் திருப்பாவையின் 'நாற்றத் துழாய்', அதாவது மணக்கும் துளசி, அகப்படாது. 'நாற்ற' என்று சுருக்கினால் நாற்று, நாற்றிசை எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். 'நாறு' என்ற வினைக்கோ தோன்றுதல், முளைத்தல் என்ற பொருளும் உண்டு. அதனால் வந்த ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்துத்தான் கழிக்க வேண்டும்.

மிஞ்சியவற்றில் ஒரே கேள்வி: நல்லது, கெட்டது என்ற தீர்ப்பைத் தருவது இந்தச் சொல்லா, பக்கத்துச் சொல்லா? 'புலவு நாறுதும்' என்பதில் புலவை எடுத்துவிட்டால் அருவருப்பும் போய்விடும். துழாயை எடுத்தால் நறுமணமும் போய்விடும். இவை எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகா. அடை எதுவும் இல்லாமல், என்ன நாறியது என்றும் சொல்லாமல், 'நாற்றம் தாங்கவில்லை' என்று எழுதினாலே படிப்பவர் மூக்கைப் பொத்துவார் என்ற நிலை வந்த பிறகுதான் இழிபொருள் சொல்லுக்குள் குடியேறியது என்று சொல்லலாம். அந்த நிலையைச் செய்யுளில் தேடுவதைவிட உரைநடையிலும் கடிதங்களிலும் அகராதிகளிலும் தேடுவது நல்லது. கவிஞர்கள் பழைய பொருளை நூற்றாண்டுகள் கடந்தும் விடாமல் ஆளுவார்கள். பிற்காலப் பாட்டில் 'மலர் நாறும்' என்று வந்தால் அது அன்றைய பேச்சுக்குச் சான்றாகாது. உரையாசிரியரின் விளக்கமும் அவர் காலத்துச் சான்றே, மூலத்தின் காலத்துச் சான்று அல்ல.

ஒரு சொல்லின் பொருள் உயர்வதற்கு, அதாவது உயர்பொருட்பேற்றுக்கு, காட்டப்படும் 'கழகம்' என்ற சொல்லிலும் இதே பொறி இருக்கிறது. குறள் 935, 937-இல் அது சூதாடுமிடம், இன்று பல்கலைக்கழகம். ஆனால் அந்த இரண்டு குறளும் இருப்பது சூது அதிகாரத்தில். இழிவு அதிகாரத்திலிருந்து வருகிறதா, சொல்லிலிருந்தா? கம்பரோ 'கலைதெரி கழகம்' என்கிறார். சூதும் இல்லாத, கலையும் இல்லாத இடத்தில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று பார்க்காமல், 'உயர்ந்தது' என்று எழுதிவிடக் கூடாது.