செபோரிக் கெரட்டோசிஸ்: தமிழில் மெழுகுமரு எனலாமா?

எங்கள் அத்தைக்கு 56 வயது. முதுகில் பழுப்பு நிறத்தில் ஏழெட்டு மருக்கள். நாற்பதைத் தாண்டியபின் ஒவ்வொன்றாக வந்தவை. அதில் ஒன்று ரவிக்கை உரசி உரசிப் புண்ணானதால் தோல் மருத்துவரிடம் போனார். அவர் அதைச் சுரண்டி எடுத்து, மூக்கோரம் இருந்த இன்னொன்றிலிருந்தும் ஒரு துணுக்கு வெட்டி, இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முதுகு அறிக்கையில் ‘பேசல் செல் பாப்பிலோமா’ என்று இருந்தது. மூக்கு அறிக்கையில் ‘பேசல் செல் கார்சினோமா’. தொடக்கமும் ஒன்று, முடிவில் வரும் ‘ஓமா’வும் ஒன்று. இரண்டுமே புற்றுநோய்தான் என்று நினைத்து அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையில் முதுகில் இருந்தது தீங்கில்லாத மரு. மூக்கில் இருந்ததுதான் புற்று.

‘ஓமா’ என்ற விகுதிக்குக் கட்டி, வளர்ச்சி என்பதே பொருள். நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. ‘பேசல் செல்’ என்பது மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்களைக் குறிக்கிறது. நுண்ணோக்கியில் இந்த மருவின் செல்களும் அவற்றைப் போலவே தெரிவதால் அப்படி ஒரு பெயர். அதே மருவுக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர்தான் செபோரிக் கெரட்டோசிஸ்.

இந்தப் பெயரின் முதல் பாதி தவறானது. ‘செபம்’ லத்தீனில் மாட்டுக்கொழுப்பு. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கசியவிடும் பசைக்கும் அதையே பெயராக வைத்தார்கள். ‘ரியா’ கிரேக்கத்தில் ஒழுக்கு. டயரியாவில் வரும் அதே ரியா. ஆக, ‘எண்ணெய் ஒழுகும்’ என்று பொருள் வருகிறது. ஆனால் இந்த மருவுக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் தொடர்பே இல்லை. எண்ணெய் பூசினாற்போல் மின்னும் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வந்தது, தலைக்கு எண்ணெய் தேய்த்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாம் பாதி சரியானது. ‘கெரஸ்’ என்றால் கொம்பு. காண்டாமிருகத்தை ஆங்கிலத்தில் ரைனோசெரஸ் என்பதில் இருப்பதும் அதுதான்: மூக்குக்கொம்பன். கொம்பும் நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. நம் மேல்தோலும் அதை உருவாக்குகிறது. அது ஓரிடத்தில் மிகுந்து தடித்தால் கெரட்டோசிஸ். அத்தையின் முதுகை மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற ஒளிவீசும் உருப்பெருக்கியால் பார்த்தபோது, மருவுக்குள் வெள்ளை முத்துகள் போன்ற புள்ளிகளும் மேலே அடைபட்ட கருந்துளைகளும் தெரிந்தன. உள்ளே உருண்டையாகத் தேங்கிய கெரட்டின் வெள்ளையாகவும், வாய்திறந்த குழியில் அடைத்து நிற்கும் கெரட்டின் கறுப்பாகவும் தெரியும். பெயரின் பின்பாதியைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

ஆனாலும் கெரட்டோசிஸ் என்றாலே கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலால் வரும் ‘சோலார் கெரட்டோசிஸ்’ வேறு. வெள்ளைத் தோலினரிடம் அதிகம் காணும் அந்தச் சொரசொரப்பு சிலருக்குப் புற்றாக மாறும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. ‘மறு’ என்றால் களங்கம், கறை. நிலவில் தெரியும் கறையை வள்ளுவர் மறு என்கிறார். ‘மரு’ தோலுக்கு மேல் எழும்பி நிற்பது. ‘மச்சம்’ பெரும்பாலும் பிறப்பிலோ இளமையிலோ வந்தது. வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் நடுவே இப்படி ஒரு நல்ல வேறுபாடு இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்: தட்டையாக இருப்பது மறு, தடவினால் கையில் தட்டுப்படுவது மரு.

நம் மரு தட்டுப்படுகிற வகை. தோலுக்குள் வேர்விட்டது போல் இராது. மெழுகைச் சொட்டி ஒட்டவைத்தது போல மேலே உட்கார்ந்திருக்கும். நகத்தை விளிம்பில் விட்டால் பெயர்ந்து வந்துவிடுமோ என்று தோன்றும். முதலில் எனக்கு ‘ஒட்டுமரு’ என்று சொல்லத் தோன்றியது. அப்புறம் விட்டுவிட்டேன். தொற்றுநோயை ஒட்டுவாரொட்டி என்கிறோம். ‘ஒட்டு’ என்றதும் பிறருக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வந்துவிடும். இது தொற்றாது, கையில் வரும் சாதாரண மருவைப் போல வைரஸால் வருவதும் இல்லை. ‘முதுமை மரு’ என்றால் முப்பதிலேயே வருபவர்கள் மனம் நோவார்கள். அதனால் ‘மெழுகுமரு’ என்பதே என் தேர்வு. தோற்றத்தை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தவறாகச் சொல்லவில்லை. நம்மில் பலருக்குக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் குடும்பவழியாக வரும் சின்னச் சின்னக் கறுப்பு மணிகளும் இதன் ஒரு வகையாகவே கருதப்படுகின்றன.

பெயர் வைத்துவிட்டால் போதாது, அது எதற்குப் பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும். அத்தையின் மூக்கோரத்தில் இருந்ததையும் வீட்டில் மரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவும் கருமையாகத்தான் இருந்தது. ஆனால் முதுகில் இருந்தவை சொரசொரப்பாக, மங்கிய பழுப்பாக, ஒன்றுபோல் ஒன்று இருந்தன. மூக்கில் இருந்தது வழவழப்பாக, விளிம்பு முத்துப்போல் பளபளத்தது. நடுவே சிறு புண். முகம் கழுவித் துண்டால் ஒற்றினால் ரத்தம் வரும், பொருக்கு கட்டும், ஆறினாற்போல் இருக்கும், மறுபடி உடையும். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. பேசல் செல் கார்சினோமா உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது என்றாலும், இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். நம் நிறத்தவருக்கு அது கருமையாக வருவதுண்டு என்பதால் மரு என்று ஏமாந்துவிடுகிறோம். “கூட்டத்தோடு சேராம தனியா நிக்கிறதைத்தான் முதல்ல காட்டணும்மா” என்றார் மருத்துவர்.

மெலனோமா என்ற இன்னொரு தோல்புற்று இதைவிட ஆபத்தானது, சீக்கிரமே பரவக்கூடியது. கருநிறத் தோலினருக்கு அது குறைவாகவே வருகிறது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் பங்கு அதிகம். மெழுகுமரு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் வருவதில்லை. ஆகவே அந்த இடங்களில் புதிதாக வந்து பெரிதாகும் கரும்படலத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டவே கூடாது. மற்ற இடங்களிலும் சில மெலனோமாக்கள் மெழுகுமருவைப் போலவே தெரியும். உரசல் பட்ட மெழுகுமருவிலும் ரத்தம் கசியும். கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாத இடத்தில்தான் பயாப்ஸி தேவைப்படுகிறது.

ஊரில் மருவுக்குச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பார்கள். தோல் வெந்து தழும்பாகிவிடும் என்பது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல், மேலே இருந்தது கருகிப் போனபின் அது என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடியில் புற்று மிச்சமிருந்தாலும் வெளியே தெரியாது. மெழுகுமருவை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அரித்தாலோ துணியில் மாட்டினாலோ சுரண்டியோ மின்சூட்டில் லேசாகச் சுட்டோ எடுப்பார்கள். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு; ஆனால் நம் நிறத்தில் அது வெள்ளைத் தழும்பை விட்டுச்செல்லக்கூடும்.

அத்தைக்கு மூக்கில் அறுவை முடிந்து இப்போது மெல்லிய கோடுதான் தெரிகிறது. முதுகில் மீதி இருந்தவற்றை எடுக்கவில்லை. பழைய அறிக்கைகளைக் கோப்பில் வைக்கும்போது முதல் தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘மெழுகுமரு, முதுகு’ என்றும் இரண்டாவதில் ‘புற்று, மூக்கு, எடுத்தாயிற்று’ என்றும் எழுதிக் கொடுத்தேன்.