ஓடுகிற வீடியோ முழுதாக வந்த வீடியோ அல்ல

மும்பையில் எடுக்கப்பட்ட பழைய MiniDV வீடியோ கேசட்டுகளைக் கோப்புகளாக மாற்றி டொராண்டோவில் உள்ள தமிழ் ஆவணப்பட இயக்குநர் ஒருவருக்கு அனுப்பியபோது, அவரிடமிருந்து வந்த முதல் பதில், "திறந்து பார்த்தேன், நன்றாக ஓடுகிறது" என்பதுதான். அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. எம்பி4 கோப்பின் அட்டவணைப் பகுதி முன்னால் வைக்கப்பட்டிருந்தால், பதிவிறக்கம் பாதியில் அறுந்திருந்தாலும் கோப்பு திறக்கும்; மொத்த நீளத்தையும் சரியாகவே காட்டும்; அறுந்த இடம் வரும்வரை குறையே தெரியாது.

ஆகவே, கோப்புகளுடன் செல்லும் கடிதத்தில் ஒவ்வொரு கேசட்டுக்கும் என்னென்ன வடிவங்கள் உள்ளன என்று எழுதுகிறேன். அவருக்கு எழுதியது இப்படி இருந்தது: "கேசட்டிலிருந்து அப்படியே இறக்கிய DV மூலக் கோப்பு, மணிக்குச் சுமார் 13 ஜிபி, எடிட்டிங்குக்கு ப்ரோரெஸ் 422, பார்வைக்கு எச்.264 எம்பி4. முதல் இரண்டும் 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு, கீழ் ஃபீல்டு முதலில்." கனடாவில் 29.97 ஃபிரேமே வழக்கம் என்பதால், இதைச் சொல்லாமல் விட்டால் எடிட்டர் தம் பழக்கப்படி டைம்லைனை அமைத்துவிடுவார். ஒவ்வொரு ஃபிரேமின் இரு பாதிகளான ஃபீல்டுகளின் வரிசையும் மாறிப்போனால் அசைவுகள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும்.

அடுத்து செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு மதிப்பு. ரெண்டர் முடிந்த உடனே, கோப்பை வேறெங்கும் நகலெடுக்கும் முன், என் கணினியிலேயே எஸ்எச்ஏ-256 கணக்கிட்டு, 64 எழுத்துகள் கொண்ட அந்த மதிப்புகளைக் கோப்புப் பெயர்களோடு ஒரு பட்டியலாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நகலிலிருந்து கணக்கிட்டால், நகலெடுக்கும்போதே நேர்ந்த பழுதும் சரியென்று பதிவாகிவிடும். மேக்கில், பட்டியலைக் கோப்புகள் உள்ள அதே ஃபோல்டரில் வைத்து, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் சென்று இதை இயக்கச் சொல்கிறேன்:

```
shasum -a 256 -c list.sha256
```

விண்டோஸில் கோப்பு கோப்பாகக் கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட வேண்டும்:

```
certutil -hashfile reel03_view.mp4 SHA256
```

டொராண்டோவில் மூன்றாம் கேசட்டின் எம்பி4க்கு மட்டும் `FAILED` என்று வந்தது. அளவை பைட் கணக்கில் கேட்டபோது என்னிடம் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. பதிவிறக்கம் அறுந்ததுதான் காரணம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டதால், அந்த ஒரு கோப்பை மட்டும் மீண்டும் இறக்கினால் போதுமானதாயிற்று. அளவு ஒன்றாக இருந்தும் மதிப்பு வேறுபட்டிருந்தால், டிஸ்க்கையோ கேபிளையோ சந்தேகித்திருப்பேன். கோப்பின் பெயரை மாற்றுவதால் மதிப்பு மாறாது, ஆனால் பட்டியலில் உள்ள பெயரில் கோப்பு கிடைக்காமல் கட்டளை பிழை காட்டும். ஏதேனும் மென்பொருளில் திறந்து மீண்டும் சேமித்தால் மதிப்பே மாறிவிடும்.

`OK` என்று வந்தாலும், நான் அனுப்பியது பழுதின்றிச் சேர்ந்தது என்பது மட்டுமே அதன் பொருள். நிறமோ ஒலியோ மாற்றத்தின்போதே பிசகியிருந்தால் செக்சம் அதைக் காட்டாது. அதற்குக் கண்ணும் காதும்தான் வேண்டும். அதனால், ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களைப் பார்த்து, கட்டளையின் வெளியீட்டையும் சேர்த்துப் பதில் அனுப்பும்படி கடிதத்தில் கேட்கிறேன். அந்தப் பதில் வந்த பிறகே என்னிடம் உள்ள பிரதியை அழிப்பேன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.