வெள்ளத்தில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட பிறகு, வாகனக் காப்பீட்டுச் சர்வேயரான நான் வேளச்சேரிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு கார்களைப் பரிசோதித்தேன். ஒரே தரைத்தளம், கதவளவு உயர்ந்த ஒரே தண்ணீர். இரண்டுக்கும் விரிவான காப்பீடு இருந்தது. ஒருவருக்கு இருக்கை, ஒயரிங், எண்ணெய் மாற்றம் என்று பெரும்பகுதிச் செலவு கிடைத்தது. மற்றவருக்கும் அவையெல்லாம் கிடைத்தன. இன்ஜின் செலவு மட்டும் மறுக்கப்பட்டது. அவருடைய பில்லில் பெரிய தொகையே அதுதான்.

தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று அவர் ஸ்டார்ட் செய்திருந்தார். காற்று வடிகட்டி வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த விசையில் பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. நனைந்த வடிகட்டி, பால்காப்பி நிறத்துக்கு மாறிய இன்ஜின் எண்ணெய், வளைந்த ராடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

விரிவான காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இடமுண்டு. ஆனால் அதே பாலிசி, பின்விளைவு இழப்பையும் இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால்; ராடு வளைந்தது ஸ்டார்ட் செய்ததால் என்று நிறுவனம் பிரித்துப் பார்க்கிறது. வாடிக்கையாளருக்கு இது முடியைப் பிளக்கும் வாதமாகத் தோன்றும். எனக்கும் சில நேரம் அப்படித்தான். இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே உள்ளது இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு. தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடு வேறு. அது உதிரிபாகங்களின் விலையில் கழிப்பதைத்தான் தடுக்கும். அதை வாங்கிவிட்டு இன்ஜினும் அதில் அடக்கம் என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம்.

கூடுதல் காப்பீடு இருந்தாலும், மூழ்கிய காரை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்தால் சிக்கல்தான். தண்ணீர் மட்டம் தெரியும்படி படமெடுங்கள். வடிந்த பின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கியரில் வைத்துத் தள்ளினாலும் இன்ஜின் சுழலும். ஆகவே நியூட்ரலில் வைத்தே நகர்த்துங்கள், முடிந்தால் காரை முழுதாகச் சுமந்து செல்லும் மேடை வண்டியில் ஏற்றுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துவிட வேண்டாம்.

லேசாக வளைந்த ராடு இன்னொரு தொல்லை. கார் ஓடும்; மெல்லிய தட்டல் சத்தம் மட்டும் கேட்கும். மாதங்கள் கழித்து ராடு உடையும்போது, அதை அந்த வெள்ளத்தோடு இணைத்து நிரூபிப்பது மிகக் கடினம்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு இந்தக் காப்பீட்டைத் தேடிப் பயனில்லை. பொதுவாக பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்ப்பார்கள். பழைய கார்களுக்கு வயது வரம்பும் வைத்திருப்பார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கூடுதல் காப்பீடு இல்லாதவருக்கு அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.