தோவாளை ஏன் à®¤à¯‹ ஆகிறது?

குமரி மாவட்டத்தில் ஊர்வாரியாக நடந்த கொள்முதல் விவரம் ஒரு செயலியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தோவாளையில் மல்லிகை, குளச்சலில் மீன், மார்த்தாண்டத்தில் தேன், திருவட்டாற்றில் ரப்பர் ஷீட். நாகர்கோவிலில் ஒருவர் அதை மவுஸால் இரண்டு தட்டு தட்டி எக்செலில் திறக்கிறார். எடையும் விலையும் சரியாக இருக்கின்றன. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் இப்படி வருகிறது:

```
à®¤à¯‹à®µà®¾à®³à¯ˆ
```

பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தோவாளை என்ற பெயர்தான். தவறான அட்டவணையை வைத்துப் படித்ததால் அப்படித் தெரிகிறது.

கோப்புக்குள் எழுத்துகள் கிடையாது, பைட்டுகள்தான் உண்டு. எந்தப் பைட்டு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் குறிமுறை. இன்றைய செயலிகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 குறிமுறையில் எழுதுகின்றன. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். முதல் பைட்டு எப்போதும் E0. இரண்டாவது AE அல்லது AF. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ‘த’ என்றால் E0 AE A4. ‘ோ’ என்ற துணைக்குறி E0 AF 8B. தோவாளையில் த, ோ, வ, ா, ள, ை என்று ஆறு குறிகள், ஆக 18 பைட்டுகள்.

எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது, கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாளம் இல்லையென்றால், அது கணினியின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்த அட்டவணையில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. E0 என்றால் à, AE என்றால் ®, AF என்றால் ¯. அதனால்தான் குலைந்த தமிழ் எல்லாமே à®, à¯ என்ற ஜோடிகளாகவே தெரிகிறது. எண்களுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் இரண்டு அட்டவணையிலும் ஒரே பைட்டு; எடையும் விலையும் தப்பித்தது இதனால்தான்.

இந்த ஜோடியை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். நம் மாவட்டத்தில் இது இன்னும் ஒரு விதத்தில் உதவும். களியக்காவிளைப் பக்கத்துப் பட்டியலில் மலையாளப் பெயர்களும் கலந்திருக்கலாம். அவை குலைந்தால் à´, àµ என்று வரும், ஏனென்றால் மலையாளத்தின் இரண்டாவது பைட்டு B4 அல்லது B5. எந்த வரி எந்த மொழி என்று அந்தக் கோலத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லாக் குலைவும் இந்த வகை அல்ல. ஆறு கேள்விக்குறிகள், ?????? என்று வந்தால், யாரோ ஏற்கெனவே தமிழ் இல்லாத குறிமுறையில் சேமித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேள்விக்குறியிலிருந்து தோவாளையை மீட்க எந்த வழியும் இல்லை; மூலத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டியதுதான். jkpo; என்பதுபோல ஆங்கில எழுத்தாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அதற்குக் குறிமுறையை மாற்றிப் பயனில்லை, எழுத்துரு மாற்றி வேண்டும்.

நம் கோப்பு à® வகை. எக்செலில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுக்கவும். வரும் முன்னோட்டத்தில் `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்று வைத்தால் அங்கேயே தோவாளை தெரியும். தெரிந்த பிறகுதான் `Load` தட்ட வேண்டும். லிப்ரே ஆபீஸ் கால்க், சிஎஸ்வி திறக்கும்போதெல்லாம் குறிமுறையைக் கேட்டுவிட்டே திறக்கும். இந்த விஷயத்தில் அதுதான் நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

குலைந்த நிலையிலேயே ‘சேவ்’ கொடுப்பதுதான் உண்மையான ஆபத்து. à®¤ என்று திரையில் இருப்பதை `CSV UTF-8` என்று சேமித்தால், à என்ற எழுத்தே இப்போது இரண்டு பைட்டாகக் கோப்பில் ஏறிவிடும். 18 பைட்டாக இருந்த பெயர் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வீங்கும். அப்புறம் 65001 வைத்துத் திறந்தாலும் à®¤ என்றுதான் வரும். சரியான குறிமுறை கொடுத்தும் குலைவு மாறவில்லை என்றால், இந்த இரட்டைக் குறியேற்றம் நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

அதையும் திருப்பலாம். ஒவ்வொரு குறியையும் விண்டோஸ்-1252 பைட்டாக மாற்றி, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் போதும். பைத்தானில் `ftfy` தொகுப்பை நிறுவியிருந்து, குலைந்த பெயர் `s` என்ற மாறியில் இருந்தால்:

```python
import ftfy.bad_codecs
s = s.encode("sloppy-windows-1252").decode("utf-8")
```

இதற்குச் சாதாரண `cp1252` ஏன் போதாது? தோவாளைக்குப் போதும். குளச்சலுக்குப் போதாது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 81, 8D, 8F, 90, 9D என்ற ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. துரதிர்ஷ்டமாக, உகரக் குறியான ‘ு’ E0 AF 81 என்றும், புள்ளி E0 AF 8D என்றும் முடிகின்றன. ஏ 8F-இலும் ஐ 90-இலும் முடிகின்றன. விண்டோஸ் இந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியை வைத்துக்கொண்டு போய்விடும். பைத்தானின் `cp1252` அந்தக் குறியைப் பார்த்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். `sloppy` வகை அதை அப்படியே பைட்டாகத் திருப்பிக் கொடுக்கும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறிகள் பிழைத்திருக்கும் வரைதான் இது நடக்கும். ‘அச்சாகாத குறிகளை நீக்கு’ என்று எவராவது தரவைச் சுத்தம் செய்திருந்தால் அவை போயிருக்கும். குளச்சலில் ஒரு உகரமும் இரண்டு புள்ளியும் உண்டு. 24 பைட்டில் மூன்று போய் 21 மிஞ்சும். மிஞ்சிய E0 AF-க்குப் பின்னால் இருந்தது உகரமா புள்ளியா என்று கணினியால் சொல்ல முடியாது. குளச்சல் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் ஊர் தெரியும். ஆயிரம் பேரின் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொன்றையும் அப்படி ஊகிக்க முடியாது. ஆகவே சுத்தம் செய்யும் வேலை எப்போதும் குறிமுறையைச் சரிசெய்த பிறகுதான்.

அறிக்கைக்கு முன் சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. ஊர்ப் பெயர் A2 கட்டத்தில் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் `=LEN(A2)` கொடுங்கள். தோவாளைக்கு 6 வர வேண்டும். 18 வந்தால் அந்த வரி இன்னும் குலைந்தே இருக்கிறது. பல இடங்களிலிருந்து வந்த கோப்புகளை ஒட்டும்போது இது அவசியம். ஒரு கோப்பு சரியாகவும் இன்னொன்று குலைந்தும் இருந்தால், பிவட் டேபிள் தோவாளையை இரண்டு ஊராக எண்ணி மல்லிகையின் மொத்த எடையைப் பிரித்துவிடும். கூட்டுத்தொகை சரியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கோப்பையும் அதற்குரிய குறிமுறையில் தனித்தனியாகத் திறந்து, எண்ணிக்கையைப் பார்த்து, அப்புறம் ஒட்டவும். முடிந்ததை மற்றவர்களுக்கு அனுப்பும்போது எக்செலில் `CSV UTF-8 (Comma delimited)` என்று சேமியுங்கள். அது கோப்பின் தலையில் EF BB BF என்ற மூன்று பைட்டு அடையாளத்தைச் சேர்த்துவிடும். வாங்குகிறவர் நேரடியாகத் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும்.