பத்து டாலர் பங்குக்குள் எத்தனை டாலர் இருக்கிறது? ஸ்பேக் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் ஐ.டி.யில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள். போனில் செயலி வழியாக அமெரிக்கப் பங்கு வாங்கும் பழக்கம் வந்ததிலிருந்து, வருமான வரிக் கணக்குக்காக அவர்கள் அனுப்பும் பட்டியல்களில் நஷ்டத்தில் கிடக்கும் சில பங்குகளைப் பார்த்தால் ஒரே மாதிரி கதை: பத்து, பன்னிரண்டு டாலருக்கு வாங்கியது, இன்று ஒன்றோ இரண்டோ டாலர். தோண்டிப் பார்த்தால் அது ஸ்பேக் வழியாகச் சந்தைக்கு வந்த கம்பெனியாக இருக்கும்.

ஸ்பேக் என்பது தொழில் எதுவும் செய்யாத, பணத்தை மட்டும் வைத்திருக்கும் கம்பெனி. ஸ்பான்சர் என்ற ஒரு குழு அதைத் தொடங்கி, ஐ.பி.ஓ. போட்டு, பங்கு பத்து டாலர் என்று பணம் திரட்டும். அந்தப் பணம் ஒரு டிரஸ்ட் கணக்கில் பெரும்பாலும் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் பத்திரமாக இருக்கும். பொதுவாக 18 முதல் 24 மாதங்களுக்குள் ஒரு நிஜக் கம்பெனியைப் பிடித்து இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இணைப்பு முடிந்ததும் அந்த நிஜக் கம்பெனி, தானே ஐ.பி.ஓ. போடாமல், பட்டியலிட்ட கம்பெனியாகிவிடுகிறது. சந்தைக்கு வர இது ஒரு குறுக்குவழி. 2020-இல் அமெரிக்காவில் இருநூற்றுச் சொச்சம் ஸ்பேக்குகள் ஐ.பி.ஓ. போட்டன, 2021-இல் அறுநூறைத் தாண்டியது.

இதில் இரண்டு விஷயங்களைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. முதலாவது, இணைப்பு அறிவித்த பிறகு ஒவ்வொரு பங்குதாரரும் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்து, பத்து டாலரையும் வட்டியையும் வாங்கிக்கொண்டு போகலாம். இணைப்புக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவரும் போகலாம். இன்னொன்று, ஐ.பி.ஓ.வில் வாங்கியவருக்குப் பங்கோடு வாரண்டும் சேர்ந்து கிடைக்கும், அதாவது பின்னாளில் 11.50 டாலருக்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. பங்கைத் திருப்பிக் கொடுத்தாலும் வாரண்ட் அவரிடமே இருக்கும். அதனால் ஐ.பி.ஓ.வில் நுழையும் பெரிய ஃபண்டுகள் போட்ட பணத்தையும் வட்டியையும் எடுத்துக்கொண்டு, வாரண்டை இலவசமாக வைத்துக்கொண்டு வெளியேறிவிடும். அறிவிப்பு வந்த உற்சாகத்தில் சந்தையில் வாங்கியவர்தான் உள்ளே இருப்பார்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என்னுடையவை, அமைப்பு வழக்கமான ஸ்பேக்கினுடையது. ஒரு ஸ்பேக் 2 கோடிப் பங்கு விற்று 20 கோடி டாலர் திரட்டுகிறது. ஸ்பான்சருக்கு, அவருடையதையும் சேர்த்த மொத்தப் பங்குகளில் 20 சதவீதம் என்ற வழக்கப்படி, 50 லட்சம் பங்கு, அதற்கு அவர் கொடுப்பது வெறும் 25,000 டாலர். ஆரம்பச் செலவுகளுக்காக அவர் 60 லட்சம் டாலர் கைக்காசு போட்டதாக வைத்துக்கொள்வோம்.

இணைப்பு நேரத்தில் 80 சதவீதம் பேர் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மிச்சம் 40 லட்சம் பங்கு, டிரஸ்டில் 4 கோடி டாலர். ஐ.பி.ஓ.வை நடத்திக் கொடுத்த வங்கிக்குத் தள்ளிவைத்த கட்டணம் 3.5 சதவீதம். அது திரட்டிய 20 கோடிக்குக் கணக்கிடப்படுவது, மிச்சமிருக்கும் 4 கோடிக்கு அல்ல. ஆக 70 லட்சம் போய்விட்டது. வக்கீல், ஆடிட்டர், ஆலோசகர் என்று இன்னொரு 30 லட்சம். கையில் 3 கோடி. ஆனால் பங்குகள் 90 லட்சம், ஸ்பான்சருடையதும் சேர்த்து. வகுத்துப் பாருங்கள், பங்குக்கு 3.33 டாலர். வாரண்டுகளின் சுமை இதற்கு மேல்.

திரையில் பத்து டாலர் என்று ஓடும் பங்குக்குப் பின்னால் உள்ள ரொக்கம் இவ்வளவுதான். இணையப் போகும் கம்பெனிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் தங்கள் கம்பெனியின் மதிப்பை ஏற்றிச் சொல்லித்தான் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஏற்றம் கரைய ஆரம்பிக்கும்போதுதான் விலை சரிகிறது. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிளாஸ்னரும் மற்றவர்களும் 2019 ஜனவரியிலிருந்து 2020 ஜூன் வரை இணைந்த ஸ்பேக்குகளை ஆராய்ந்தபோது, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஸ்பேக்கில் பங்குக்கு நிகர ரொக்கம் 5.70 டாலர்தான் இருந்தது. ஸ்பேக் அலை உச்சத்துக்குப் போவதற்கு முன்பே நிலைமை அது.

இப்போது ஸ்பான்சர் பக்கம் பாருங்கள். விலை 2 டாலருக்கு விழுந்தாலும் அவருடைய 50 லட்சம் பங்கு 1 கோடி டாலர் பெறும். பத்து டாலருக்கு வாங்கியவருக்கு 80 சதவீதம் நஷ்டம், இவருக்கோ சுமார் 40 லட்சம் டாலர் லாபம். இணைப்பே நடக்காவிட்டால் மட்டும்தான் அவர் கைக்காசு முழுதாகப் போகும். கெடு நெருங்க நெருங்க, நல்ல கம்பெனியோ சுமாரான கம்பெனியோ, ஏதோ ஒன்றைப் பிடித்து முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு வருவது இதனால்தான். என்னைக் கேட்டால், ஸ்பேக்கின் மையக் கோளாறு இந்த ஏற்பாடுதான். இதைச் சரிசெய்யாமல் மற்றதை எல்லாம் சரிசெய்வதில் பெரிய பலன் இல்லை.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த கார் வாடகைக் கம்பெனி ஸூம்கார், 2023 டிசம்பரில் இன்னோவேட்டிவ் இன்டர்நேஷனல் என்ற ஸ்பேக்கோடு இணைந்து நாஸ்டாக்குக்குப் போனது. அந்த ஸ்பேக் 2021-இல் திரட்டியது 23 கோடி டாலர். இணைப்புக்கு முன்பே முதலீட்டாளர்கள் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். பங்கு விலை அடிமட்டத்துக்குப் போய், 2024 அக்டோபரில் 100 பங்குகளை ஒரு பங்காகச் சுருக்க வேண்டி வந்தது. 500 பங்கு வைத்திருந்தவர் கையில் ஐந்து.

கம்பெனிகளின் வருமானக் கணிப்பும் ஆட்களை இழுக்கிறது. வழக்கமான ஐ.பி.ஓ.வில் அடுத்த ஐந்து வருடத்தில் இவ்வளவு விற்போம் என்று எழுத கம்பெனிகள் பயப்படும், கணிப்பு பொய்த்தால் வழக்கு வரும். ஸ்பேக் இணைப்பில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லித் தாராளமாக எழுதினார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கொண்டுவந்த விதிகள் அந்தப் பாதுகாப்பை நீக்கின. பங்கு நீர்த்துப்போவதை, அதாவது ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் உள்ள மதிப்பு குறைவதை, அட்டவணையாகக் காட்டவும் கட்டாயமாக்கின.

போன வருடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பி வந்தார், ஈரோட்டுப் பக்கம். “அண்ணா, கம்பெனி ஸ்பேக் வழியா லிஸ்ட் ஆகப் போகுது, பங்கு பத்து டாலராம், ஸ்டாக் ஆப்ஷனை இப்பவே எக்சர்சைஸ் பண்ணிடட்டுமா?” என்று கேட்டார். எக்சர்சைஸ் என்றால் ஆப்ஷனில் சொன்ன விலையைக் கொடுத்துப் பங்கை வாங்குவது. அதைச் செய்கிற அன்றைய மதிப்புக்கும் அவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே வரிக்கு வரும். இணைப்புக்குப் பின் ஊழியர்கள் வழக்கமாக ஆறு மாதம் விற்க முடியாது. பத்து டாலர் கணக்கில் வரி கட்டிவிட்டு, விற்கக் கதவு திறக்கும் நாளில் விலை மூன்று டாலர் என்றால் என்ன செய்வது? கட்டிய வரி திரும்பாது. விற்கும்போது வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. ஆப்ஷன் காலாவதியாகும் தேதியைப் பார்த்தோம், நிறைய அவகாசம் இருந்தது. விற்க முடிகிற நாள் வரை தொடாதீர்கள் என்றேன்.

வெளியிலிருந்து வாங்குபவர் பார்க்க வேண்டிய இடம் அமெரிக்க ஆணையத்தின் EDGAR தளம், இலவசம்தான். ஓட்டெடுப்புக்கு முன் வரும் இணைப்பு ஆவணத்தில், எத்தனை சதவீதம் பேர் வெளியேறினால் பங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற அட்டவணை இருக்கும். அதில் அதிகபட்ச வெளியேற்றம் என்ற பத்தியைப் பாருங்கள், மற்ற பத்திகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஓட்டெடுப்பு முடிந்ததும் 8-K என்ற அறிக்கையில் எத்தனை பங்குகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன என்ற எண் வந்துவிடும்.

ஏற்கெனவே ஸ்பேக் பங்கு வைத்திருக்கிறீர்கள், இணைப்பு இன்னும் நடக்கவில்லை என்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. தானாக வராது, கேட்க வேண்டும். கடைசி நாள் வழக்கமாக ஓட்டெடுப்புக்கு இரண்டு வேலை நாள் முன்பு. நம் செயலிகள் அமெரிக்கத் தரகர் வழியாக நடப்பதால் அவர்களுடைய கெடு இன்னும் முன்னால் இருக்கலாம், கோரிக்கையை அனுப்பித் தருவார்களா என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். அப்புறம், மதிப்பே இல்லாமல் போன பங்காக இருந்தாலும் கணக்கில் இருக்கும் வரை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அதைக் காட்டியாக வேண்டும்.