முகத்துக்கு இருபது படி, வானத்துக்கும் இருபது படி

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, நாங்க ரெண்டே பேர்தான். கேமரா எட்டு பிட். மறுநாளே மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு கொடுத்தாகணும். எல்லாரும் லாக்ல எடுங்கன்றாங்க. எடுக்கலாமா?"

வேண்டாம் தம்பி. லாக் என்பது வெளிச்சத்தைக் கேமரா எண்களாக எழுதிவைக்கும் ஒரு முறை. படம் முதலில் மங்கலாக, சாம்பல் பூத்தது போல வரும், எடிட்டில்தான் நிறம் ஏற்ற வேண்டும். ஏன் வேண்டாம் என்பதில்தான் ரசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

சென்சார் ஒளியை எண்ணும் கருவி. ஒளி இரண்டு மடங்கானால் அது தரும் எண்ணும் இரண்டு மடங்காகும். நம் கண் அப்படியில்லை. ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொன்றைப் போட்டால் பளிச்சென்று தெரியும். பதினாறு எரியும் இடத்தில் இன்னொன்று கூடினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதினாறு முப்பத்திரண்டாக வேண்டும். கண் கணக்கு வைப்பது இரட்டிப்புகளை. கேமராக்காரர்கள் ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ஸ்டாப் என்கிறார்கள்.

எட்டு பிட் வீடியோவில் வெளிச்சத்தைக் குறிக்க 256 படிகள்தான் உண்டு. சென்சார் சொல்வதை அப்படியே எழுதினால் மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப் 128 படிகளை விழுங்கிவிடும். அடுத்ததற்கு 64, அதற்கடுத்து 32. எட்டாவது ஸ்டாப்பில் இருக்கும் கருங்கூந்தலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு படி. பந்தியில் முதல் இலைக்கே பாதிப் பாயசத்தை ஊற்றிய கதை.

லாக் இதைச் சரிசெய்கிறது. மடக்கை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறக்குறைய சமமான படிகள். 1990களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் ஃபிலிம் நெகட்டிவைக் கணினிக்குள் கொண்டுவர சினியான் என்ற முறையை உருவாக்கியபோதே இந்த வழியைத்தான் பிடித்தது. ஆனால் அதற்குப் பத்து பிட், அதாவது 1024 படிகள் வைத்திருந்தார்கள்.

எவ்வளவு ஒளிக்கு எந்தப் படி என்று சொல்லும் கணக்கை வளைவு என்பார்கள். இப்போது சோனியின் லாக் வகையான எஸ்-லாக்3 வளைவை எடுத்துக்கொள்வோம். அதன் சூத்திரம் வெளிப்படையாகவே கிடைக்கிறது. போட்டுப் பார்த்தால் பத்து பிட்டில் ஒரு ஸ்டாப்புக்குச் சுமார் 79 படி, எட்டு பிட்டில் சுமார் 20 படி. டிவிக்கான சாதாரண வளைவு ரெக்.709. அதில், எக்ஸ்போஷருக்கு அளவுகோலாக வைக்கும் நடுச் சாம்பல் நிறத்திலிருந்து ஒரு ஸ்டாப் மேலே போனால், எட்டு பிட்டிலேயே 41 படிகள் இருக்கின்றன. மணப்பெண்ணின் முகத்தில் ஒளி விழும் கன்னமும் நெற்றியும் பெரும்பாலும் இந்த ஒரு ஸ்டாப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆக, லாக் எதையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை. முகத்திடமிருந்து பாதிப் படிகளைப் பிடுங்கி வானத்துக்குக் கொடுக்கிறது. அப்புறம் எடிட்டில் உட்கார்ந்து அந்த 20 படிகளை 41 படி அகலத்துக்கு இழுக்கிறோம். இடையில் ஒன்றுவிட்டு ஒரு படி காலி. எந்தப் படியில் எவ்வளவு படம் இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். திரையில் இது முதலில் தெரிவது சீரான நிறமுள்ள சுவரில்: வெளிச்சம் மெல்ல மங்கும் இடத்தில் பட்டை பட்டையாக வரி விழும். என் உறவினர் வீட்டுக் கல்யாணத்தை ஆர்வக்கோளாறில் எட்டு பிட் லாகில் எடுத்தேன். மேடைக்குப் பின்னால் சந்தன நிறச் சுவர். இரண்டு ராத்திரி போராடியும் அந்தப் பட்டைகள் போகவில்லை. மங்கலான படத்தில் நுணுக்கம் குறைவு என்று நினைத்து கேமராவின் சுருக்கும் முறையும் தன் பங்குக்குக் கொஞ்சத்தைத் தூக்கி எறிந்திருந்தது. முகங்கள் மெழுகு பூசியது போல வந்தன.

சரி, வானத்துக்குக் கொடுத்த படிகள் மண்டபத்தில் தேவையா? இங்கேதான் பலரும் கணக்குப் போடுவதில்லை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அரக்குப் பட்டு நான்கு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே நாலரை ஸ்டாப்தான்! மேடையில் வெளிச்சம் சீராக இருந்தால் வேட்டி, பட்டு, முகம், மாலை எல்லாமே சாதாரண வளைவுக்குள் அடங்கிவிடும். முகத்துக்கு எக்ஸ்போஷரைச் சரியாக வைத்தால் வேட்டி 95 சதவீதத்தில் வந்து நிற்கும், வெளுத்துப் போகாது. லாக் தேவைப்படுவது பொருள்களின் நிறத்தால் அல்ல, ஒரே சட்டகத்தில் இரண்டு விதமான வெளிச்சம் இருப்பதால்.

உதாரணமாக, பெண் அலங்கார அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே 500 லக்ஸ், வெளியே மர நிழலில் 10,000 லக்ஸ் என்று கொள்வோம். இருபது மடங்கு, நாலேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல். சாதாரண வளைவு நடுச் சாம்பலுக்கு மேல் இரண்டரை ஸ்டாப்பிலேயே முட்டிக்கொள்ளும். ஜன்னல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எஸ்-லாக்3 ஏறக்குறைய ஆறு ஸ்டாப் வரை தாங்கும். இலை, கார், தெரு எல்லாம் தெரியும். இங்கே லாக் தன் கூலிக்கு வேலை செய்கிறது. அதே சமயம் மண்டப வாசலுக்கு வெளியே உச்சி வெயில் என்றால், அது ஒரு லட்சம் லக்ஸ். இருநூறு மடங்கு, ஏழரை ஸ்டாப்புக்கும் மேல். அதில் நிற்கும் வெள்ளைச் சுவரை லாகும் காப்பாற்றாது. கேமராவை நாலடி தள்ளி வைத்தால் காப்பாற்றலாம்.

லாகில் பல கேமராக்கள் ஐஎஸ்ஓ 640, 800 என்றுதான் தொடங்குகின்றன. சிக்னலைக் கூடுதலாகப் பெருக்குகிறது என்று நினைக்க வேண்டாம். உச்ச வெளிச்சத்துக்கு இடம் விட்டு, முகத்துக்குக் குறைந்த ஒளியை வாங்க வைக்கும் ஏற்பாடு அது. அதனால்தான் நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

"லாக் போட்டால் சினிமா லுக்" என்பது எலுமிச்சம்பழம் கட்டினால் வண்டி விபத்தாகாது என்பதற்குச் சமமான நம்பிக்கை. படத்துக்கு ஒரே சொடுக்கில் நிறம் ஏற்றும் லட் கோப்புகளைத் தொகுப்பாக விற்பவர்களுக்கு அது நல்ல வியாபாரம், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கு 300 ஷாட் என்றால், ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் தொட்டாலே ஐந்து மணி நேரம். மறுநாள் வீடியோ கொடுக்க வேண்டியவருக்கு அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும்?

தம்பி செய்ய வேண்டியது இதுதான். சாதாரண புரொஃபைலில் கான்ட்ராஸ்டையும் ஷார்ப்னஸையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் மேடை விளக்குக்குப் பார்த்து ஒரே எண்ணில் பூட்டுங்கள். நிறத்தைப் பின்னால் திருத்த இதில் அதிக இடமில்லை. வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவை 95இல் வைத்து வேட்டியில் கோடு வராமல் பாருங்கள். முகத்தின் வெளிச்சம் 70 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் விதி வெள்ளைத் தோலுக்கு எழுதியது, நம் மாநிறத்துக்கு 50, 55 போதும். நாளை பத்து பிட் கேமரா வாங்கினால் கதை மாறும். ஸ்டாப்புக்கு 79 படி இருக்கையில் லாகில் எடுத்து, எல்லா ஷாட்டுக்கும் ஒரே லட்டைப் போட்டு முடிக்கலாம், எக்ஸ்போஷரைச் சீராக வைத்திருந்தால்.

அந்த ஜன்னலோர ஷாட்டுக்கு மட்டும் லாகை ஒரு தனிப் பட்டனில் வைத்துக்கொள்ளலாம். எடுத்து முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் முழுப் பந்தியையும் லாகில் எடுத்துவிட்டேன். சாம்பாரும் ரசமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.