கேபினட்டுக்குள் காற்று: மாடுலர் எஸ்எம்பிஎஸ் எங்கே உதவும், எங்கே உதவாது

கணினிக்கு மின்சாரம் தரும் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தால் கூடவே ஒரு கொத்துக் கேபிள் வரும். மதர்போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 4+4 பின், கிராஃபிக்ஸ் கார்டுக்கு 6+2 பின் இரண்டு, ஹார்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா வரிசைகள், பழைய மோலெக்ஸ் வரிசை ஒன்று. ஆனால் மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியும் நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டும் கொண்ட இன்றைய கணினிக்குப் பெரும்பாலும் மூன்று கேபிள் போதும்: மதர்போர்டுக்கு ஒன்று, பிராசசருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று. மற்றவை சும்மா கிடக்கும்.

கேபிள்கள் உள்ளே இருக்கும் போர்டிலேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது ஃபிக்ஸட் வகை. வேண்டாத கேபிளையும் எங்காவது சுருட்டி வைத்துத்தான் ஆக வேண்டும். எல்லாக் கேபிளையும் கழற்ற முடிந்தால் ஃபுல் மாடுலர். 24 பின்னும் பிராசசர் கேபிளும் மட்டும் நிரந்தரமாக இருந்து, மற்றவை கழன்றால் செமி மாடுலர். அந்த இரண்டு கேபிள் இல்லாமல் எந்தக் கணினியும் ஓடாது என்பதால், வீட்டில் ஒரே ஒரு கணினி சேர்ப்பவருக்குச் செமி மாடுலரே போதுமானது என்பது என் கருத்து.

கழற்றி மாட்டும் இணைப்பில் மின்சாரம் வீணாகும் என்று மாடுலர் மேல் ஒரு பழைய சந்தேகம் உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கிராஃபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிள் 150 வாட் கடத்துகிறது என்றால், 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். மூன்று வயர்கள் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்கு சுமார் 4.2 ஆம்பியர். கூடுதலாக வரும் ஒரு தொடர்பு முனையின் மின்தடையை 5 மில்லி ஓம் என்று வைத்தால், அங்கே இழப்பது 0.02 வோல்ட், உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முனை முழுவதும் உள்ளே போய்ப் பூட்டு 'கிளிக்' என்று விழுந்திருந்தால் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாடுலர் வாங்கினால் கணினி குளிரும் என்ற பேச்சும் உண்டு. அது உண்மையா என்று அறியக் காற்று செய்யும் வேலையை அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 1.2 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. விளையாட்டு ஓடும்போது 300 வாட் வெப்பம் தரும் கணினியை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் இரண்டு. ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு தடையே இல்லாத நிலையில் அளந்தது. வலைக்கும் முன்பலகைக்கும் பின்னால் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. அந்தக் கழிவைச் சேர்த்தே, இரண்டும் சேர்ந்து நொடிக்கு 24 லிட்டர் காற்றை உள்ளே தள்ளுவதாக வைப்போம். 300 வாட்டை 24 × 1.2 ஆல் வகுத்தால் வருவது சுமார் 10.4. உள்ளே வரும் காற்று வெளியேறும்போது அவ்வளவு டிகிரி சூடாகியிருக்கும்.

இப்போது கேபிள் குவியல் ஒன்று காற்றைத் தடுத்து, 24 லிட்டரை 20 ஆகக் குறைத்துவிட்டது என்று வைப்போம். ஆறில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. அதே கணக்கில் 12.5 டிகிரி வரும். இவ்வளவு பெரிய தடைக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிதான். அறை வெப்பம் 36 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் அந்த இரண்டு டிகிரிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓரமாகக் கட்டி வைத்த நான்கு கேபிள் ஆறில் ஒரு பங்கு காற்றைத் தடுப்பது அரிது.

கேபிள் காற்றை மறிக்கும் என்ற அறிவுரைக்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. 2003-க்கு முந்தைய கணினிகளில் ஹார்டு டிஸ்க்கும் சிடி டிரைவும் ஐடிஇ பட்டைக் கேபிளால் இணைந்திருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டர் அகலம். கேபினட்டின் நடுவே திரை போலத் தொங்கும். மதர்போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்க இடமும் இருக்காது. மெல்லிய சாட்டா கேபிள் வந்தது, மதர்போர்டுத் தட்டுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வந்தது. அறிவுரை மட்டும் பழைய அழுத்தத்தோடு நிலைத்துவிட்டது.

அப்படியானால் கேபிளை எப்படி வேண்டுமானாலும் விடலாமா? கூடாது. அது எந்த இடத்தில் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். காற்றோட்டத்தில் ஒரு பொருள் தரும் தடை, காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். 120 மி.மீ. ஃபேனில் நடுக்குமிழைக் கழித்தால் காற்று போகும் பரப்பு சுமார் 90 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கும் 180. உள்ளே வந்ததும் அதே காற்று 20 × 40 சென்டிமீட்டர், அதாவது 800 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு விரிகிறது. ஃபேன் வாயில் நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் போகும் காற்று, கேபினட்டின் நடுவில் சராசரியாக 0.3 மீட்டரில்தான் நகர்கிறது. வேகம் நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுவதால், ஒரே கேபிள் நடுவில் கிடக்கும்போது தரும் தடையைவிட ஃபேன் வாயில் கிடக்கும்போது இருபது மடங்கு வரை தடுக்கும். நடுவே தெரியும் ஒற்றைக் கேபிள் கண்ணை உறுத்தலாம். காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபேனுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சுருள் கண்ணுக்கே தெரியாமல் காற்றைப் பிடித்து வைக்கும், இரைச்சலையும் கூட்டும்.

ஃபிக்ஸட் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இன்றைய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் கீழே, ஒரு மூடிக்குள் உட்காருகிறது. தன் காற்றை அடிப்பக்க வலை வழியாக வெளியிலிருந்து இழுத்துப் பின்புறம் தள்ளுவதால், பக்கத்தில் கேபிள் குவிந்திருந்தாலும் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. மிஞ்சிய கேபிளை எல்லோரும் அந்த மூடிக்குள் முன்பக்கமாகத் தள்ளுவார்கள். பல கேபினட்டுகளில் கீழ் முன் ஃபேனின் ஒரு பகுதி அந்த மூடிக்கு நேராகத்தான் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் அடிக்குக் குளிர்ந்த காற்றைத் தர வேண்டிய ஃபேனும் அதுவே. பக்கக் கண்ணாடி வழியே எல்லாம் துப்புரவாகத் தெரியும். அந்த ஃபேன் மட்டும் மூச்சுத் திணறும். உபரிக் கேபிளை ஹார்டு டிஸ்க் தட்டுக்குள் வையுங்கள், அல்லது பின்பக்க இடைவெளியில் தட்டையாகப் பரப்பிக் கட்டுங்கள். ஃபேனுக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும்.

ஃபுல் மாடுலரில் வேலையின் வரிசை மாறும். தேவையான மூன்று கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிவிட்டு, அதன் பிறகே அதை உள்ளே தள்ள வேண்டும். பொருத்திய பின் அந்தக் குழிகளுக்குக் கை எட்டாது. முதலில் போக வேண்டியது பிராசசர் கேபிள். அது பின்பக்கமாக ஏறி மேல் மூலையில் உள்ள சிறு துளை வழியே முன்னால் வர வேண்டும். கூலரை மாட்டிய பிறகு அந்தத் துளையில் விரல் நுழையாது. 24 பின் கேபிள்தான் எல்லாவற்றிலும் தடிமன், ஆகவே பின்பக்கத்தில் இடைவெளி ஆழமாக உள்ள வழியில் அதை ஏற்றி, மதர்போர்டின் ஓரத்து ரப்பர் துளையில் வெளியே எடுங்கள். கார்டின் கேபிள் மூடியில் உள்ள துளை வழியாக மேலே வரட்டும். கார்டின் ஃபேன்களுக்குக் கீழே குறுக்கே போக வேண்டாம். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை நல்லது. பின் கதவை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தால் ஏதோ இரண்டு கேபிள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் முதலில் உடைவது சாட்டா முனையின் பிளாஸ்டிக்.

அழகுக்காக எதையும் முனையிலேயே மடிக்கக் கூடாது, குறிப்பாகப் புதிய பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் போகும் 16 பின் கேபிளை. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் முனைகள் உருகியபோது, முழுமையாகச் செருகாததைப் பொதுவான காரணமாக என்விடியா சொன்னது. முனைக்கு அருகில் வளைத்தால் செருகியதே மெல்லச் சாய்ந்து சில ஊசிகளின் தொடர்பு தளரும். மீதி ஊசிகள் மொத்த மின்னோட்டத்தையும் சுமந்து சூடாகும். முனையிலிருந்து 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைவு தொடங்கட்டும்.

கேபிளால் காற்று தடைபடுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஒரே விளையாட்டைப் பக்கக் கதவை மூடியபடி அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் திறந்து, அதே அறை வெப்பத்தில் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறைவது இயல்பு. ஏழெட்டு டிகிரி குறைந்தால் கேபினட்டுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது முன்வலையில் படிந்த தூசியை. அதன் பிறகே கேபிளை.

மாடுலரின் பெரிய ஆபத்து காற்றோடு சம்பந்தப்பட்டதல்ல. கேபிளின் கருவிப் பக்க முனைக்குப் பொதுத் தரம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு இல்லை. எந்தக் குழியில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைக்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் இது மாறலாம். முனையின் வடிவம் ஒத்துப்போவதால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிளும் தடையின்றி உள்ளே போகும். ஹார்டு டிஸ்க் 5 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 12 வோல்ட் பாயும். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒருமுறை அசைந்து நின்றுவிடும், அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கணினி ஓடும் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்: பல ஹார்டு டிஸ்க்குகளில் உள்ள பாதுகாப்பு டயோடு மிகை மின்னழுத்தத்தில் ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ்ஸை நிறுத்துகிறது.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது 'கேபிள்தான் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கிறதே' என்று பழையதை விட்டுவைப்பதுதான் இது நடக்கும் வழக்கமான வழி. பழைய கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, புதியதோடு வந்ததையே மாட்டுங்கள். தனியாக வாங்கிய கேபிள் என்றால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, எதிலும் செருகாத நிலையில், அசல் கேபிளோடு வயர் வயராக ஒப்பிடலாம். அசலில் முதல் குழியிலிருந்து வரும் வயர் மறுமுனையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ, புதியதிலும் அங்கேதான் தொட வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக வரும் கேபிளில் நிறத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட அசல் கையில் இல்லையென்றால் அந்தக் கேபிளை மாட்ட வேண்டாம். உபரிக் கேபிள்களை ஒரு பையில் போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் மாடல் பெயரை அதன் மேல் எழுதி வைத்தால், மூன்று ஆண்டு கழித்து இன்னொரு ஹார்டு டிஸ்க் சேர்க்கும் நாளில் சரியான கேபிள் கையில் இருக்கும்.